வாரத்துக்குப் பதினோரு மணி நேரம்

பாப்பாவோட வயசுதானுங்களே கேட்டீங்க, மாஸ்டர்? சொல்றனுங்க. அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு சொல்லுங்க. எதுக்குக் கேக்கறீங்க? போட்டிக்கா, இல்லை சும்மா ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா கெடக்குதுன்னா? ஏன்னா, வயசு கேட்டா பட்டுனு சொல்லிப் போடற ஆளு நானு. அப்படிப் பட்டுனு சொல்லித்தான் இன்னைக்கு உங்க நீச்சல் குளத்து ஆபீஸ்ல வந்து உக்காந்திருக்கேன்.

அந்தப் பேனாவச் செத்த கீழ வைங்க. அஞ்சே நிமிசம். நான் டைம் கீப்பருங்க. ஈரோடு பஸ் ஸ்டாண்டுல பிரைவேட் வண்டிகளுக்கு நேரம் போட்டு அனுப்பறது நாந்தான். நான் விசில் ஊதுனா வண்டி நகந்தாகோணும். அஞ்சு நிமிசம்னா எனக்கு அஞ்சு நிமிசம்தான், ஆறு கெடையாது.

எம்பேரு சென்னியப்பன். அதோ, குளத்து ஓரத்துல ரெட்டைச் சடை போட்டுட்டு, காலைத் தண்ணிக்குள்ள உட்டு ஆட்டிட்டு உக்காந்திருக்குதே, அதான் எம்பொண்ணு. வர்ணிகா. பேட்மிண்டன் பிளேயருங்க. மாவட்டத்துல பதிமூணு வயசுக்குள்ள நம்பர் ஒன். இருந்தா. சரி, "இருந்தா"ன்னே வெச்சுக்குவோம்.

ஆரம்பிச்சப்ப அவளுக்கு ஒம்பது வயசு. சர்டிபிகேட்டுல ஏழு. முழிக்காதீங்க மாஸ்டர், நீங்களும் விளையாட்டு லைன்ல இருக்கறவரு. உங்களுக்குத் தெரியாததா? எல்லாரும் பண்றதுதான். ரெண்டு வருசம் கம்மியாப் போட்டா, சின்னப் பிள்ளைகளோட ஆடலாம், கப்பு வாங்கலாம். எப்படி வாங்குனேன்னு மட்டும் கேக்காதீங்க, அது ஒருத்தர் மூலமா வந்துது. நெசமான சர்டிபிகேட்டு வீட்டு பீரோவுல பூங்கொடியோட கல்யாணப் பட்டுக்கு அடியில இருக்குது. பூங்கொடி எம்பட சம்சாரம். அன்னைக்கே சொன்னா: "ஏனுங்க, பிள்ளைக்குப் பொறந்த நாள் கேக்குல எத்தனை மெழுகுவத்தி வெக்கறது, சொல்லிப் போடுங்க"ன்னு. நக்கலு.

கோச் யாருன்னா ஜெசிந்தா மேடம். முன்னால ஸ்டேட்டுக்கு ஆடுனவங்க. நல்ல கோச்சுங்க, அதை நான் மறுக்கல. ஆனா ஒரு குறை. அவசரமே கெடையாது. காலையில அஞ்சரைலிருந்து ஏழரை வரைக்கும், வாரத்துக்கு ஆறு நாளு, ஆக மொத்தம் பன்னண்டு மணி நேரம். அதுக்கு மேல வேண்டாம்பாங்க. ஏனுங்க, ஒரு பஸ்ஸு ஒரு நாளைக்கு ஒரே ட்ரிப்பு அடிச்சா முதலாளிக்குக் கட்டுமா? அதனால நானாப் பாத்து, சாயங்காலம் பெருந்துறை ரோட்டுல வேற ஒரு கோர்ட்டுல சேத்துவிட்டேன். அஞ்சுலருந்து ஏழு, அதும் ஆறு நாளு. ஞாயித்துக்கெழமை ரெஸ்ட்டுங்க, மேட்சு மட்டும்தான், மூணு மணி நேரம். வீட்டுல ஸ்கிப்பிங் ஐநூறு. அதெல்லாம் கணக்குல வராது, அது சும்மா ஒடம்பு சூடாகறதுக்கு.

தீபாவளி அன்னைக்குக்கூட நிறுத்தலைங்க. அன்னைக்கு கோர்ட்டைப் பூட்டிட்டாங்க, அதனால மொட்டை மாடியில கயிறு கட்டி ஆட வெச்சேன். மேல வாண வேடிக்கை, கீழ நாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைக மத்தாப்பு வெச்சுட்டு எட்டி எட்டிப் பாத்துதுக. பெருமையா இருந்துது எனக்கு. அவளும் அதுகளையே பாத்துட்டு நின்னா. ஷட்டிலைக் கோட்டை உட்டதுல நான் கொஞ்சம் கத்துனேன்.

இதுக்கு நடுவுல மூணு தடவை ஜெசிந்தா மேடம், "சார், கொஞ்சம் பேசணும்"னு வந்தாங்க. நானும் பேசுனேன். மூணு தடவையும் நல்லாப் பேசுனேன். அப்புறம் பாத்தா, மார்ச் மாசம் ஒரு நாளு, பாப்பா பையில ஒரு கவரு. பிரிச்சா லெட்டர். இருங்க, கையிலதான் இருக்குது. ஆமாங்க, லேமினேஷன் பண்ணியிருக்கேன். மேடத்து மேல பேட்மிண்டன் சங்கத்துல புகார் குடுக்கலாம்னு ஆதாரத்துக்காகப் பண்ணுனது. அப்புறம் குடுக்கலை. படிக்கறேன், கேளுங்க.

"மதிப்பிற்குரிய திரு. சென்னியப்பன் அவர்களுக்கு, வணக்கம். வர்ணிகாவைப் பற்றி உங்களிடம் மூன்று முறை பேச வந்தேன். மூன்று முறையும் நீங்கள் பேசி முடிப்பதற்குள் என் அடுத்த வகுப்பு தொடங்கிவிட்டது. ஆகவே எழுதுகிறேன்."

பாத்தீங்களா, எடுத்த எடுப்புலயே குத்தறாங்க. நான் அப்படியா பேசறேன்? சரி, மேல கேளுங்க.

"மாலையில் இன்னொரு கோர்ட்டிலும் ஆடுகிறாள் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தேன், வாரத்துக்கு இருபத்தேழு மணி நேரம். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் எலும்பு சற்றுப் புடைத்திருக்கும் இடத்தை அவள் அடிக்கடி அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குகிறாள். வளரும் வயதில் எலும்பு முதலில் நீளும், தசை பின்னால்தான் வந்து சேரும். அதுவரை தொடைத் தசை இறுகிப்போய், தான் ஒட்டியிருக்கும் அந்த இடத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அது இன்னும் முற்றாத எலும்பு. நெட்டுக்கு ஓடிக் காலை எட்டி வைக்கும் ஒவ்வொரு முறையும், குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும், அதே இடத்தில்தான் இழுப்பு. தைலத்தால் இது போகாது. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்."

தைலம் தேச்சது உண்மைதானுங்க. தெனமும் தேச்சேன். ராத்திரி தூங்கற பிள்ளைக்குத் தேச்சா, தூக்கத்துலயே காலை இழுத்துக்குவா. நான் அதை, நல்ல ரிஃப்ளெக்ஸ் வந்துருச்சுன்னு நெனச்சுட்டேன்.

இப்பத்தான் முக்கியமான எடம் வருது.

"பிள்ளைகளின் பயிற்சிக்கு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றால், பிள்ளைக்கு எத்தனை வயதோ அதைத் தாண்டக் கூடாது. வர்ணிகாவுக்குப் பதினொன்று, ஆகவே பதினோரு மணி நேரம். எல்லாக் கோர்ட்டும் சேர்த்து. என்னிடம் வரும் பன்னிரண்டையும் நான் குறைக்கிறேன், அத்தனை வைத்தது என் தவறு. வாரத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், ராக்கெட்டைத் தொடக் கூடாது. வருடத்தில் மூன்று மாதம் இந்த ஆட்டத்துக்கே விடுமுறை. ஒரேயடியாக வேண்டாம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். படுத்துக் கிடக்கச் சொல்லவில்லை. வலி நின்றதும் நீந்தட்டும், சைக்கிள் ஓட்டட்டும், தெருவில் ஓடிப் பிடித்து விளையாடட்டும். ஒரே இழுப்பை வருடம் முழுக்க வாங்கும் உடம்புக்கு, வேறு விதமாக அசைவதே ஓய்வுதான். வருடம் முழுக்க ஒன்றையே ஆடிய பிள்ளைகளில் மேலே போனவர்களை விட, பதினைந்து வயதில் ராக்கெட்டைப் பரணில் போட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் பதினேழில் போட்டவள்தான்."

கீழ கையெழுத்து. அவ்வளவுதான் லெட்டரு.

இப்ப நீங்க சொல்லுங்க மாஸ்டர், இதைப் படிச்சா ஒரு தகப்பனுக்கு என்ன தோணும்? ஆமாங்க, அதேதான். இந்தம்மா ரக்ஷிதாவை மேல கொண்டுபோகப் பாக்கறாங்க, வேற என்ன? ரக்ஷிதா யாருன்னா, நம்பர் ரெண்டு. பல் டாக்டர் பொண்ணு. ஸ்டேட் செலக்‌ஷனுக்கு மூணு வாரம்தான் இருக்குது, இந்த நேரத்துல நம்பர் ஒன்னுக்கு லீவு குடுத்தா யாருக்கு லாபம்? ராத்திரியெல்லாம் யோசிச்சேன். முட்டி, எலும்பு, தசை எல்லாம் பல் டாக்டர் எழுதிக் குடுத்திருப்பாருன்னு முடிவு பண்ணேன். பூங்கொடிகிட்டச் சொன்னா, "பல் டாக்டருக்கு முட்டியப் பத்தி என்னங்க தெரியும்?"னா. அதைத்தானே நானும் சொல்றேன்னேன்!

ஆனா மாஸ்டர், நான் நேரம் போடற ஆளு. மணிக்கணக்குல என்னை யாரும் ஏமாத்த முடியாது. அந்த லெட்டரைத் திருப்பித் திருப்பிப் படிச்சதுல ஒரு ஓட்டை கெடச்சுது. வயசு எத்தனையோ, அத்தனை மணி நேரம். அப்படித்தான எழுதியிருக்காங்க? பதினொண்ணுக்குப் பதினொண்ணு. அப்படின்னா? புடிச்சுட்டேன்டா பாயிண்டைன்னு எனக்கு அப்பவே சிரிப்பு வந்துருச்சு.

அடுத்த நாள் காலையில, ஏழு மணிக்கு, கோர்ட்டு நெறைய ஆளு. அப்பா அம்மாவெல்லாம் வரிசையா பெஞ்சுல. பல் டாக்டரும் இருக்காரு. நான் லெட்டரைத் தூக்கிப் புடிச்சுட்டு நேரா மேடத்துகிட்டப் போனேன்.

"மேடம், நீங்க எழுதுனதை நீங்களே மாத்த மாட்டீங்களே?"ன்னேன்.

"மாத்த மாட்டேன் சார். வயசுக்கு மேல ஒரு மணி நேரம்கூடக் கெடையாது"ன்னாங்க.

"எல்லாரும் கேட்டுக்கோங்க"ன்னு திரும்பிப் பாத்துச் சொன்னேன். சாட்சி வேணும் பாருங்க. "அப்படின்னா எம்பொண்ணுக்கு நீங்க ரெண்டு மணி நேரம் கொறச்சுப் போட்டிருக்கீங்க! அவளுக்குப் பதினொண்ணு இல்லை, பதிமூணு! போன ஐப்பசியோட பதிமூணு முடிஞ்சு போச்சு! ஒரிஜினல் சர்டிபிகேட்டு எங்க வீட்டு பீரோவுல இருக்குது, வந்து பாருங்க! எடுங்க பதிமூணு மணி நேரத்தை!"

சொல்லி முடிச்சுட்டு, எல்லாரும் கை தட்டுவாங்கன்னுதான் நின்னேன்.

ஒருத்தரும் தட்டலை. அந்தக் கோடியில ஆடிட்டிருந்த பிள்ளைகூட ராக்கெட்டை எறக்கிட்டுப் பாக்குது. பல் டாக்டரு மட்டும் மெதுவாக் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. அப்பத்தானுங்க எனக்கே வெளங்குச்சு, நான் என்ன சொல்லியிருக்கேன்னு. விசில வாயில வெச்சுட்டு எதுத்தாப்பல வர்ற வண்டிக்கு முன்னால நிக்கற மாதிரி இருந்துது.

"சும்மா சொன்னேன் மேடம்"னேன்.

மேடம் திட்டலைங்க. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவங்க பெஞ்சுல உக்காந்துட்டாங்க. "சார், இத்தனை வருசமா ரெண்டு வயசு கம்மியா நெனச்சு அவளுக்குப் பயிற்சி குடுத்திருக்கேன். ஏன் இவ்வளவு வேகமா வளர்றா, ஏன் கால் இப்படி இறுகுதுன்னு எனக்குப் புரியவே இல்லை. ஒடம்பு இழுபடற வயசு இதுதான். எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே"ன்னாங்க. அப்புறம், "பதிமூணுக்குள்ள ஃபாரத்துல இனி நான் கையெழுத்துப் போட முடியாது. இத்தனை நாள் போட்டதுக்கே சங்கத்துக்கு எழுதோணும். நீங்களே எழுதிக் குடுத்துட்டா பிள்ளைக்கு நல்லது"ன்னாங்க.

அவ்வளவுதான். மூணு வாரத்துல ஸ்டேட்டு. ஒரே வாய். ஒரே நிமிசம். போச்சு.

எழுதிக் குடுத்தேனுங்க. வயசத் திருத்துனாங்க, மாவட்டக் கப்பைத் திருப்பி வாங்கிட்டாங்க, கண்டிச்சு ஒரு கடுதாசி போட்டாங்க. அந்தக் கப்பு யாருக்குப் போச்சு? ரக்ஷிதாவுக்கு. அதை யாரு கொண்டுபோய்க் குடுத்தது? எம்பொண்ணு! சைக்கிள்ல வெச்சுக் கொண்டுபோய், வீட்டுலயே குடுத்துட்டு, அங்க தோசை வேற தின்னுட்டு வந்துருக்கா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. "என்ன அம்மிணி, ஒரு தோசைக்காகவாடி கப்பைக் குடுத்தே?"ன்னா, "நல்லா முறுகலா இருந்துச்சுப்பா"ங்கறா.

அதுக்கு முன்னால நடந்ததைச் சொல்லோணும். அன்னைக்குக் கோர்ட்டுலருந்து வந்து, பாப்பாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். ஸ்டேட்டு போச்சுன்னு எப்படிச் சொல்றது? அழுவாளே, சோறு தின்ன மாட்டாளே! பூங்கொடிய தண்ணிச் சொம்போட பக்கத்துல நிக்கச் சொன்னேன், மயக்கம் போட்டு உழுந்துட்டா தெளிக்கறதுக்கு. மெதுவாச் சொன்னேன். "கண்ணு, இந்த வருசம் ஸ்டேட்டு இல்லை. மேடமும் கொஞ்ச நாளைக்கு ஆட வேண்டாங்கறாங்க."

அவ என்னையே பாத்தா. அப்புறம் கேட்டா: "அப்ப நாளைக்குக் காலையில எந்திரிக்க வேண்டாமாப்பா?"

"வேண்டாம்"னேன்.

"நாளானிக்கும்?"

"வேண்டாம்."

எந்திரிச்சுப் போயி, சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்தா. அடுத்த நாள் காலையில பத்தேகாலுக்குத்தான் எந்திரிச்சா. பதினாறே கால் மணி நேரம், நான் நேரம் பாத்துட்டே உக்காந்திருந்தேன். அதிர்ச்சியில பேச்சு மூச்சில்லாமப் போயிட்டான்னு, ரெண்டு தடவை மூக்குல கை வெச்சுப் பாத்தேன். மூணாவது தடவை பூங்கொடி என் கையத் தட்டி உட்டுட்டு, "நாலு வருசத்துத் தூக்கங்க அது. தொட்டீங்கன்னா நடக்கறதே வேற"ன்னா. நான் அதையும் டாக்டர்கிட்டச் சொன்னேன். தூக்க வியாதிக்கும் மருந்து குடுங்கன்னு.

எலும்பு டாக்டருங்க. அவரு ரொம்ப நேரமெல்லாம் பாக்கலை. முட்டிக்குக் கீழ அந்தப் புடைப்புல கட்டை வெரலை வெச்சு லேசா ஒரு அமுக்கு. அம்மான்னு கத்திட்டா பிள்ளை. அந்தச் சத்தத்தை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லைங்க. எங்கிட்ட வலிக்குதுன்னு சொல்லுவா, கத்துனதில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, எலும்பு ஒடையலை, நல்ல வேளைன்னாரு. குதிக்கறது, முட்டி போடறது, காலை எட்டி வைக்கறது எல்லாம் நிறுத்தோணும், வலி வந்தா ஐஸ் வைக்கோணும், தொடைத் தசைய இளக்கறதுக்கு தெனமும் இப்படிப் பின்னால காலை மடக்கிப் புடிக்கோணும்னு சொல்லிக் குடுத்தாரு. "ஊசி ஏதாச்சும் போட்டு மூணு வாரத்துல..."ன்னு ஆரம்பிச்சேன். அவரு என்னையப் பாத்துச் சிரிச்சாரு. "உங்க வண்டிய எஃப்.சி. சோதனைக்கு உடறப்ப, ஊசி போட்டு ரூட்டுல உடுங்கன்னு கேப்பீங்களா?"ன்னாரு. நான் பஸ் ஸ்டாண்டுக்காரன்னு பூங்கொடி முன்னாலயே சொல்லி வெச்சிருக்கா. எல்லாம் கூட்டு.

அப்புறம் ஆரம்பிச்சுதுங்க எனக்குத் தண்டனை. அவளுக்கு ஓய்வு. எனக்கு? அதைப் பத்தி லெட்டர்ல ஒரு வரி இல்லையே!

காலையில நாலரைக்கு முழிப்பு வந்துரும். எந்திரிச்சு ரெண்டு பாட்டில்ல தண்ணி புடிப்பேன். புடிச்சப்புறம்தான் ஞாபகம் வரும். ஒரு நாளு அரைத் தூக்கத்துல ஸ்கூட்டரை எடுத்துட்டுக் கோர்ட்டுக்கே போயிட்டேன். வாசல்ல நிறுத்திட்டு "எறங்கு கண்ணு"ங்கறேன், பின்னால ஆளே இல்லை. வாட்ச்மேன் பாத்துட்டு, "உள்ள வந்து டீ குடிங்க சார்"னாரு. அந்தாளுக்குப் பாவமாப் போச்சு போல.

சொன்னா சிரிப்பீங்க மாஸ்டர். எனக்குக் கப்பு போனதுகூட ஆறிப் போச்சு. ஸ்கூட்டர்ல போற அந்த இருபது நிமிசம்தான் ஆற மாட்டேங்குது. இருட்டுல, குளிர்ல, என் முதுகுல தலைய வெச்சுத் தூங்கிட்டு வருவா. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா நான் வர ராத்திரி எட்டு மணி ஆயிரும். அவ எங்கூட இருந்ததே அந்த இருபது நிமிசமும், கோர்ட்டுல நான் கத்துன நேரமும்தான். ஆட்டம் இல்லைன்னா எங்கிட்ட அவளுக்கு என்ன வேலை? அவ இனிமே எங்கூட வரவே மாட்டாளோன்னு பயந்துட்டேனுங்க. அதுதான் உண்மை. இதை நான் பூங்கொடிகிட்டக்கூடச் சொல்லலை, உங்ககிட்டச் சொல்றேன்.

பயம் நெசமாவே ஆச்சு. மே மாசம் லீவுல வலியெல்லாம் நின்னுருச்சு, டாக்டரும் லேசா வெளையாடலாம்னுட்டாரு. தெருப் பிள்ளைகளோட நின்ன எடத்துல வளையம் எறிஞ்சு புடிக்கறா, ரிங் பால். என்ன சிரிப்பு சிரிக்கறா! பல்லு அத்தனையும் தெரியுது. நானும் சந்தோசமாத் திண்ணைச் செவுத்துல சாஞ்சு பாத்துட்டு நின்னேன். நல்லாத்தான் புடிக்கறா. எடது கை கொஞ்சம் வீக்கு. அதை மட்டும் சரி பண்ணுனா... மாஸ்டர், என்னையறியாமத்தான் செஞ்சேன். பாக்கெட்டுல இருந்த விசில எடுத்து ஊதி, "அம்மிணி! எடது கையில இருவது!"ன்னுட்டேன்.

பிள்ளைக எல்லாம் நின்னுபோச்சுக. இவ வளையத்தை மெதுவாக் கீழ வெச்சுட்டு, என்னையப் பாக்காமயே வீட்டுக்குள்ள போயிட்டா. அழுதிருந்தாக்கூட நான் சமாதானம் பண்ணியிருப்பேன். அவ உள்ள போயி காலண்டர் பக்கத்துல நின்னுட்டு, "இதையும் எடுத்துக்கிட்டீங்களாப்பா?"ன்னா.

விசில அன்னைக்கே பஸ் ஸ்டாண்டு மேசை டிராயர்ல போட்டுட்டு வந்துட்டேன். வீட்டுக்குக் கொண்டு வர்றதில்லை.

பத்து நாளு நானும் வாயத் தொறக்கலை. ஆமாங்க, நானேதான். கண்டக்டருங்கெல்லாம் எனக்குத் தொண்டையில ஏதோ ஆபரேஷன்னு நெனச்சுட்டாங்க. பதினோராம் நாளு, அவளே வந்து எம்பக்கத்துல உக்காந்தா. அந்த லெட்டரை எடுத்து, நீந்தட்டும்னு போட்டிருக்கற எடத்துல வெரல வெச்சுக் காட்டுனா. "எனக்கு இது கத்துக்கோணும்ப்பா. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். தவளை மாதிரிக் காலை அடிக்கற நீச்சல் மட்டும் இப்ப வேண்டாம், மத்ததுக்குச் சரின்னுட்டாரு"ன்னா.

எனக்குத் தலை கால் புரியலை. "நாளைக்கே சேத்தறேன் கண்ணு! காலையில அஞ்சரை பேட்ச்சு..."

"அப்பா."

"சரி, சாயங்காலம். வாரத்துக்குப் பதிமூணு மணி..."

"அப்பா. மூணு நாளு. ஒரு ஒரு மணி நேரம். அப்புறம் ஒரு கண்டிசன்."

அந்தக் கண்டிசனைச் சொல்லத்தானுங்க இவ்வளவும் சுத்தி வளைச்சேன். அவ வயசுல எனக்கு ஒரு சிக்கலும் இல்லை, பதிமூணுன்னு எழுதுங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்டு இதோ. சிக்கல் ரெண்டாவது ஃபாரத்துல. ஆமா, இன்னொரு ஃபாரம் குடுங்க. எனக்கு.

"நீங்களும் தண்ணிக்குள்ள எறங்கோணும்ப்பா. கரையில நின்னு கத்தறதுன்னா நான் வரலை"ன்னுட்டா.

எனக்கு நாப்பத்தெட்டு வயசுங்க. நீச்சல் தெரியாது. சின்ன வயசுல காலிங்கராயன் வாய்க்கால்ல உழுந்து, ஒருத்தரு சட்டையப் புடிச்சுத் தூக்குனாரு. அன்னைலருந்து பக்கெட்டுத் தண்ணியக் கண்டாலே யோசிச்சுத்தான் கைய வெப்பேன். இது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டா. சரின்னுட்டேன். சரின்னு சொல்லிட்டு இத்தனை நேரமா உங்க நாற்காலிய உட்டு எந்திரிக்காம உக்காந்திருக்கேன். அஞ்சு நிமிசம்னேன், இப்ப முக்கா மணி நேரம் ஆச்சு. என் சர்வீசுல ஒரு வண்டியக்கூட இப்படி லேட்டாக்கினது இல்லை.

ஆழம் எவ்வளவுங்க? மூணடியா? ஆங், அந்தப் பக்கம். அங்க இருக்கறதெல்லாம் எல்.கே.ஜி. பிள்ளைகளாட்டம் இருக்குதே. சரி, நானும் அங்கதான்.

இதோ, அவளே வர்றா. தலையெல்லாம் ஈரம் பாருங்க, அதுக்குள்ள எறங்கிட்டா போல. என்ன கண்ணு? எழுதிட்டேன், எழுதிட்டேன். இல்லை, பயமெல்லாம் ஒண்ணுமில்லை. நாற்காலிய எதுக்குப் புடிச்சிருக்கேன்னா? அது ஆடுது.

கேட்டீங்களா மாஸ்டர், எம்பொண்ணு சொல்றதை? "என் கையக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க. ஒரு வாரம் பாருங்கப்பா. புடிக்கலைன்னா நிறுத்திக்கலாம், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்"ங்கறா.

இல்லைங்க, கண்ணுல ஒண்ணுமில்லை. உங்க தண்ணியில மருந்து ஜாஸ்தி, இங்க வரைக்கும் எரியுது. நாலு வருசத்துல இந்த ஒரு வார்த்தைய நான் அவகிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னதில்லைங்க. யாருகிட்டருந்து கத்துக்கிட்டாளோ தெரியலை மாஸ்டர். சத்தியமா நான் சொல்லிக் குடுக்கலை.